Kc விடை ஒத்துவரவில்லையா? பிழை எந்த வரியில் என்று விடையே காட்டிக்கொடுக்கும்

கணக்கு பார்க்கச் சின்னதுதான். தொடக்கச் செறிவுகள் எல்லாம் கொடுத்திருக்கும். சமநிலையில் ஒரே ஒரு பொருளின் செறிவை மட்டும் அளந்து கொடுத்துவிட்டு, சமநிலை மாறிலியான Kc-ஐக் கேட்பார்கள். பதினோராம் வகுப்பில் இது நாலு வரிக் கணக்கு. பி.எஸ்சி. ஆய்வகத்தில் கலரிமீட்டர் முன்னால் நின்று செய்வதும் இதே கணக்குதான். நாலு வரியில் பிழை நுழைய ஏழெட்டு வாசல் இருக்கிறது. நல்ல வேளையாக, ஒவ்வொரு பிழையும் விடையில் தனக்கென்று ஒரு தடம் விட்டுப் போகிறது. அந்தத் தடத்தை வைத்துப் பின்னோக்கிப் போய்ப் பிழையைப் பிடிப்பதற்கான வழிமுறை இது.

முதலில் சரியாகப் போட்ட கணக்கு ஒன்று கையில் இருக்கட்டும். கீழே வரும் அறிகுறிகளில் பாதியை இதை வைத்தே பார்க்கலாம்.

2 லிட்டர் கலனில் 1.0 மோல் நைட்ரஜன், 3.0 மோல் ஹைட்ரஜன். அம்மோனியா தொடக்கத்தில் இல்லை. சமநிலை வந்த பிறகு அளந்தால் அம்மோனியாவின் செறிவு 0.20 M.

N₂ + 3H₂ ⇌ 2NH₃

மோலைக் கன அளவால் வகுத்தால் நைட்ரஜன் 0.50 M, ஹைட்ரஜன் 1.50 M. இனி அட்டவணை:

| | N₂ | H₂ | NH₃ |
|---|---|---|---|
| தொடக்கம் | 0.50 | 1.50 | 0 |
| மாற்றம் | −x | −3x | +2x |
| சமநிலை | 0.50 − x | 1.50 − 3x | 2x |

அளந்த எண் 0.20. அது உட்கார வேண்டிய இடம் NH₃ பத்தியின் கடைசிக் கட்டம். ஆகவே 2x = 0.20, x = 0.10. நைட்ரஜன் 0.40, ஹைட்ரஜன் 1.20.

Kc = (0.20)² / (0.40 × (1.20)³) = 0.04 / 0.6912 = 0.058 L² mol⁻²

இந்த வினைக்கு 500 °C-ஐ ஒட்டிய வெப்பநிலையில் Kc சுமார் 0.06 என்பது தெரிந்த மதிப்பு. ஆகவே எண் வானத்திலிருந்து குதித்ததில்லை.

அறிகுறி: விடை, சரியான விடையின் முழு மடங்காக அல்லது முழுப் பங்காக வருகிறது

விடைத்தாளில் 0.058, உங்கள் நோட்டில் 0.0145. உடனே கணக்கை முதலிலிருந்து போடாதீர்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். 0.0579 / 0.01447 சரியாக 4. கலனின் கன அளவு 2 லிட்டர். 4 என்பது 2-இன் வர்க்கம். இங்கே பிழை, மோலைச் செறிவாக மாற்றாமல் மோலாகவே அட்டவணை முழுக்க ஓட்டியது. அம்மோனியா 0.40 மோல், நைட்ரஜன் 0.80 மோல், ஹைட்ரஜன் 2.40 மோல் என்று போட்டால் 0.0145 தான் வரும்.

4 ஏன் வந்தது? மேலே இரண்டு செறிவுகள் பெருகுகின்றன, கீழே நான்கு. மோலாகவே விட்டால் மேலே 2² கூடுதல், கீழே 2⁴ கூடுதல். மிச்சம் கீழே 2². H₂ + I₂ ⇌ 2HI மாதிரி இரண்டு பக்கமும் மோல் எண்ணிக்கை சமமாக இருந்தால் இந்தக் கூடுதல் அடிபட்டுப் போய், மோலாகப் போட்டாலும் சரியான விடையே வரும். பல பேருக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்வது அங்கேதான். HI கணக்கில் நாலு தடவை தப்பித்தவர்கள் அம்மோனியாவில் மாட்டுகிறார்கள்.

வகுத்தால் 27 வந்தால் கதை வேறு. ஹைட்ரஜனின் 3-ஐ இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறீர்கள்: (1.20)³ என்று போட வேண்டிய இடத்தில் (3 × 1.20)³. குணகம் அட்டவணையின் மாற்ற வரியில் பெருக்கலாக வரும். Kc சூத்திரத்தில் அடுக்காக மட்டும் வரும். 1.20 என்பதே மூன்று மடங்கு கழித்த பிறகு மிஞ்சியது. அதை மறுபடி மூன்றால் பெருக்க வேலையே இல்லை.

வகுத்து வருவது முழு எண்ணாக இல்லையென்றால் இரண்டு விடைகளையும் பெருக்கிப் பாருங்கள். 1 வந்தால் பின்னம் தலைகீழாக நிற்கிறது (17.3 என்று வந்திருக்கும்). உங்கள் விடை 0.24 என்றால் அதை வர்க்கப்படுத்துங்கள், 0.058 வரும். சமன்பாட்டைப் பாதியாக்கி ½N₂ + 3⁄2H₂ ⇌ NH₃ என்று எழுதியிருக்கிறீர்கள். இது பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தச் சமன்பாட்டுக்கு அதுதான் Kc. ஆனால் கேட்ட சமன்பாடு அதுவல்ல.

அறிகுறி: செறிவு எதிர்மறையாகிவிட்டது

அதே வினையை நைட்ரஜன் 0.50 M, ஹைட்ரஜன் 0.50 M என்று தொடங்கி வேறொரு வெப்பநிலையில் நடத்தியதாக வைத்துக்கொள்வோம். சமநிலையில் அம்மோனியா மறுபடியும் 0.20 M. ஹைட்ரஜன் −0.10 M என்று வருகிறதா? அப்படியென்றால் x-க்கு 0.20 போட்டு 3x = 0.60 கழித்திருக்கிறீர்கள்.

அளந்தது 2x, x அல்ல. கணக்கு தெரிந்தவர்களே அவசரத்தில் அதிகம் செய்யும் பிழை இதுதான். 'அளந்த எண் = x' என்று கை தானாக எழுதிவிடும். மருந்து எளியது: அளந்த எண்ணைப் பார்த்ததும் x-ஐ நினைக்காமல், அந்தப் பொருளின் பத்தியில் சமநிலைக் கட்டத்துக்குப் போங்கள். அங்கே என்ன கோவை இருக்கிறதோ அதற்குச் சமமாக எழுதிய பிறகுதான் x பிறக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எதிர்மறை எண் வந்து மாட்டிவிட்டது. முதல் கணக்கில் அப்படி மாட்டாது. அங்கே x = 0.20 என்று போட்டாலும் நைட்ரஜன் 0.30, ஹைட்ரஜன் 0.90 என்று மரியாதையான எண்களே வரும். Kc மட்டும் 0.18 ஆகி மூன்று மடங்குக்கு மேல் எகிறும். எதிர்மறை வரவில்லை என்பதால் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

x-ஐச் சரியாகப் போட்டும் எதிர்மறை வருகிறதென்றால் அளந்ததாகக் கொடுத்த எண்ணையே சந்தேகப்படலாம். ஹைட்ரஜன் 0.50 M முழுக்கத் தீர்ந்தாலும் அம்மோனியா 0.50 × 2⁄3 = 0.33 M-க்கு மேல் போக வழியில்லை. கேள்வியில் 0.40 M என்று அச்சாகியிருந்தால் அது கேள்வித்தாளின் பிழை. அல்லது நீங்கள் மோலைச் செறிவு என்று படித்திருக்கிறீர்கள்.

அறிகுறி: விடை நம்பும்படி இருக்கிறது, ஆனாலும் மதிப்பெண் போகிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். முதல் கணக்குக்கே திரும்புங்கள். மாற்ற வரியில் குணகமே போடாமல், அம்மோனியா 0.20 கூடியது, ஆகவே மற்ற இரண்டிலும் 0.20 குறைந்தது என்று ஒருவர் போடுகிறார். நைட்ரஜன் 0.30, ஹைட்ரஜன் 1.30.

Kc = 0.04 / (0.30 × 2.197) = 0.061

சரியான விடை 0.058. 500 °C-க்குப் புத்தகங்களில் காணப்படும் மதிப்பு சுமார் 0.06. தப்பான வழியில் வந்த எண், சரியான எண்ணைவிடப் புத்தகத்துக்கு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது! நைட்ரஜனில் அதிகமாகக் கழித்ததும் ஹைட்ரஜனில் குறைவாகக் கழித்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. விடையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கண்டுபிடிக்க ஒரே வழி, Kc-க்குப் போவதற்கு முன்னால் சமநிலை வரியிலுள்ள அணுக்களை எண்ணுவது. கலன் மூடியிருக்கிறது, நைட்ரஜன் அணு எங்கும் போக முடியாது. தொடக்கத்தில் நைட்ரஜன் அணுக்கள் 2 × 0.50 = 1.00. தப்பான வரியில் 2 × 0.30 + 0.20 = 0.80. லிட்டருக்கு 0.20 மோல் அணுக்களைக் காணோம். ஹைட்ரஜன் தொடக்கத்தில் 2 × 1.50 = 3.00, தப்பான வரியில் 2 × 1.30 + 3 × 0.20 = 3.20. நைட்ரஜன் காணாமல் போனது, ஹைட்ரஜன் புதிதாகப் பிறந்தது.

சரியான வரியில் நைட்ரஜன் 2 × 0.40 + 0.20 = 1.00. ஹைட்ரஜன் 2 × 1.20 + 0.60 = 3.00. இரண்டும் தொடக்கத்தோடு ஒட்டுகின்றன. அரை நிமிட வேலை. x-ஐத் தப்பாக எடுத்ததையும் இதே சோதனை பிடித்துவிடும்: 0.30, 0.90, 0.20 என்ற வரியில் நைட்ரஜன் 0.80, ஹைட்ரஜன் 2.40.

மாற்ற வரி ஏன் குணக விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. ஓர் இட்லிக்கு மூன்று கரண்டி சட்னி என்று ஊற்றும் கடையில், ஒரு மணி நேரத்தில் x இட்லி போனால் சட்னி 3x கரண்டி போயிருக்கும். வாளியில் காலையில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் எந்த விகிதத்திலும் இருக்க வேண்டியதில்லை. போனது மட்டும்தான் விகிதத்தில் இருக்கும். அட்டவணையிலும் அப்படியே: தொடக்க வரிக்கும் சமநிலை வரிக்கும் குணகத்தோடு சம்பந்தம் கிடையாது. நடு வரிக்கு மட்டும்தான்.

அறிகுறி: x எதிர்மறையாக வருகிறது, அல்லது Kc இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கிறது

தொடக்கத்திலேயே விளைபொருளும் கலனில் இருக்கும் கணக்குகளில் இது வரும். H₂ 0.10 M, I₂ 0.10 M, HI 1.00 M என்று மூன்றையும் வைத்துத் தொடங்கி, சமநிலையில் I₂ 0.132 M என்று அளந்ததாக எடுத்துக்கொள்வோம்.

வழக்கம்போல 'வினைபடுபொருள் குறையும்' என்று 0.10 − x = 0.132 எழுதினால் x = −0.032. இதில் பிழையே இல்லை. வினை பின்னோக்கிப் போயிருக்கிறது என்று கணக்கு சொல்கிறது, அவ்வளவுதான். கழித்தல் குறியை விடாமல் பிடித்துக்கொண்டால் HI = 1.00 + 2(−0.032) = 0.936, H₂ = 0.132, Kc = 0.876 / 0.01742 = 50. சுமார் 450 °C-இல் இந்த வினைக்குத் தெரிந்த மதிப்பும் 50-ஐ ஒட்டியதே.

'செறிவு மாற்றம் எப்படி எதிர்மறையாகும்?' என்று குறியை அழித்துவிட்டால்தான் வம்பு. HI 1.064, H₂ 0.068 ஆகி, அளந்த I₂ 0.132-ஐயும் சேர்த்துப் போட்டால் Kc 126 வரும். இங்கேயும் அயோடின் அணுக்களை எண்ணினால் குட்டு வெளிப்படும்: தொடக்கத்தில் 0.20 + 1.00 = 1.20, தப்பான வரியில் 0.264 + 1.064 = 1.328.

அளந்த பொருள் தொடக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்த்தாலே திசை தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு மாற்ற வரிக்குக் குறி போடுவது நல்லது. இந்த வகைக் கணக்கில் Q கண்டுபிடித்துத் திசை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு Kc முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், நாம் தேடுவதே அதைத்தான்.

அறிகுறி: ஆய்வகத்தில் சோதனைக்குழாய்க்குச் சோதனைக்குழாய் Kc மாறுகிறது

இனி காகிதத்தை விட்டு மேசைக்கு வருவோம். ஃபெரிக் நைட்ரேட்டும் பொட்டாசியம் தயோசயனேட்டும் கலந்து, வரும் இரத்தச் சிவப்பை அளக்கும் சோதனை:

Fe³⁺ + SCN⁻ ⇌ FeSCN²⁺

மூன்றுக்கும் குணகம் 1. ஆகவே மேலே சொன்ன விகிதப் பிழைகளுக்கு இங்கே இடமில்லை. ஆனால் வேறொரு பிழை காத்திருக்கிறது.

முதல் குழாயில் 0.0020 M ஃபெரிக் கரைசல் 5 மி.லி., 0.0020 M தயோசயனேட் 4 மி.லி., மீதி நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றி மொத்தம் 10 மி.லி. இரண்டாம் குழாயில் தயோசயனேட் 2 மி.லி. மட்டும், மற்றது அதே, மொத்தம் 10 மி.லி. கலரிமீட்டர் அளவீட்டிலிருந்து FeSCN²⁺ முதல் குழாயில் 9.0 × 10⁻⁵ M, இரண்டாவதில் 4.7 × 10⁻⁵ M என்று வருவதாகக் கொள்வோம்.

பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் 0.0020-ஐ அப்படியே தொடக்க வரியில் போட்டால் முதல் குழாயில் Kc 24.7, இரண்டாவதில் 12.3. ஒரே வெப்பநிலையில், ஒரே வினைக்கு, மாறிலி பாதியாகிறது! தயோசயனேட் பாதியானால் Kc-யும் பாதியாகிறது என்பதே தடயம். மாறிலி என்று பெயர் வைத்த ஒன்று நீங்கள் ஊற்றிய அளவோடு சேர்ந்து நடந்தால், தொடக்க வரியில்தான் ஓட்டை.

தொடக்கச் செறிவு என்பது பாட்டிலில் இருக்கும் செறிவல்ல. எல்லாம் கலந்த பிறகு, வினை நடக்கும் முன் இருக்கும் செறிவு. 5 மி.லி. ஃபெரிக் 10 மி.லி. ஆனதும் 0.0010 M. தயோசயனேட் முதல் குழாயில் 0.00080 M, இரண்டாவதில் 0.00040 M. இவற்றை வைத்துப் போட்டால்:

முதல் குழாய்: 9.0 × 10⁻⁵ / (9.10 × 10⁻⁴ × 7.10 × 10⁻⁴) = 139

இரண்டாம் குழாய்: 4.7 × 10⁻⁵ / (9.53 × 10⁻⁴ × 3.53 × 10⁻⁴) = 140

இரண்டும் ஒட்டிவிட்டன.

குழாய்களுக்குள் ஒட்டுகிறது, ஆனால் எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரி நாலைந்து சதவீதம் கூடுதலாக வருகிறதென்றால் அட்டவணையில் தேட வேண்டாம். திட்டக் கரைசலைப் பாருங்கள். 0.200 M ஃபெரிக் 9 மி.லி.யோடு 0.0020 M தயோசயனேட் 1 மி.லி. சேர்த்து, 'ஃபெரிக் இவ்வளவு மிகையாக இருப்பதால் தயோசயனேட் முழுவதும் சிவப்பாகிவிட்டது' என்று 2.0 × 10⁻⁴ M எடுத்துக்கொள்கிறோம். Kc 140 என்றால் உண்மையில் 96 சதவீதம்தான் மாறியிருக்கும். அந்த 4 சதவீதம் அளக்கும் ஒவ்வொரு செறிவிலும் கூடுதலாக ஏறி, 139 வர வேண்டிய இடத்தில் 146 வரும்.

காலை அணிக்கும் மதிய அணிக்கும் Kc வேறாக வந்தால் கணக்கின் மேல் பழி போடாதீர்கள். இது வெப்ப உமிழ் வினை. சூடு ஏறினால் சிவப்பு குறையும், Kc இறங்கும். மதுரையில் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு, விசிறி மட்டும் சுற்றும் ஆய்வகத்தில், காலை பத்து மணி Kc வராது. குழாயின் வெப்பநிலையைக் குறித்து, அதை Kc-யின் பக்கத்திலேயே எழுதுங்கள். கலந்த கரைசலை ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் கூடாது. நேரம் போகப் போக நிறம் மங்கும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம்.

அறிகுறி: வழிமுறை முழுக்கச் சரி, இருந்தும் விடை 50-க்குப் பதில் 61

H₂ 0.200 M, I₂ 0.200 M, சமநிலையில் HI 0.312 M. 2x = 0.312, x = 0.156. மிச்சம் இரண்டும் 0.044. Kc = 0.09734 / 0.001936 = 50.3.

நடுவில் 0.044-ஐ 0.04 என்று சுருக்கினால் 60.8. சுருக்கியது சின்ன எண்தான். ஆனால் அது பகுதியில், இரண்டு முறை பெருகி நிற்கிறது. 0.200-இலிருந்து 0.156-ஐக் கழிக்கும்போதே ஒரு இலக்கம் போய்விட்டது; மிஞ்சிய இரண்டில் ஒன்றை நாமே தூக்கி எறிந்துவிட்டோம். கடைசி வரி வரை மூன்று நான்கு இலக்கங்களை வைத்துக்கொண்டு, Kc-யில் மட்டும் சுருக்குங்கள்.

அளவீட்டிலும் இதே நிலைதான். மேலே உள்ள HI அளவீட்டில் 1 சதவீதம் கூடிவிட்டால் (0.315) Kc 55 ஆகிறது, கிட்டத்தட்ட 10 சதவீதம். அதற்குப் பதில் மிச்சமிருக்கும் I₂-ஐ அளந்து அதில் 1 சதவீதம் கூடினால் (0.0444) Kc 49, வித்தியாசம் 3 சதவீதத்துக்குள். வினை பெரும்பாலும் வலப்பக்கம் போய்விட்ட கலவையில், எதை அளப்பது என்று முடிவெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால், நிறைய உண்டானதை விட்டுவிட்டுக் கொஞ்சமாக மிஞ்சியதை அளந்துகொள்ளுங்கள்.